பொருள், பார்வை, நாள்

எங்கள் மருத்துவமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. டாக்டரிலிருந்து தண்ணீர் சுமப்பவர் வரை எல்லோருக்கும் அவர் தேதியக்காதான். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் கேள்வி “எந்தத் தேதி?” என்பதாக இருக்கும். ஒரு நர்ஸ் கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோதுகூட, மணமகன் பெயரைப் படிப்பதற்கு முன்னால் தேதியையும் கிழமையையும் காலண்டரில் ஒத்துப்பார்த்தார். கிழமை தப்பாக அச்சாகியிருந்தது. அந்த நர்ஸ் பத்து நாள் அவரோடு பேசவில்லை. நன்றி கெட்ட பிறவிகள் நிறைந்த இடம் அது.

நான் அங்கே தபால் பிரிவு. பிரிவு என்றால் ஏதோ பத்துப் பேர் இருப்பதாக நினைக்க வேண்டாம். நானும் ஒரு பதிவேடும் ஒரு ரப்பர் முத்திரையும்தான். நிர்வாக அலுவலகத்தின் ஒரு மூலையில் அக்காவின் மேசை, அதற்குப் பக்கவாட்டில் என் மேசை. அவர் டைப் அடித்த கடிதத்துக்கு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, உறையில் போட்டு அனுப்புவது என் வேலை. உள்ளூர்க் கடிதமென்றால் நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரை வாங்கி வருவேன். பதினாறு வருஷம் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் மாடியறையில் இருந்தார்.

அவர் கடிதத்தின் தலையைத்தான் முதலில் கவனிப்பார். பொருள், பார்வை, நாள். இந்த மூன்றும் சரியாக அமையும்வரை கீழே ஒரு வரி அடிக்கமாட்டார். எதையாவது முடிவுக்குக் கொண்டுவரும் கடிதமென்றால் இன்னும் மோசம். மருந்துக்கடைக் குத்தகை, காவலாளி ஒப்பந்தம், ஆள் நீக்கம், எதுவாக இருந்தாலும் அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடாது.

ஒருமுறை நான் கிண்டலாகக் கேட்டேன். “ஏங்க்கா, ‘ஒப்பந்தம் தொடர்பாக’ன்னு போட்டா ஆகாதா? உள்ளே படிச்சுத் தெரிஞ்சுக்க மாட்டாங்களா?”

“தொடர்பாகன்னா என்ன தம்பி? நீட்டிக்கிறதும் தொடர்பாகத்தான், நிறுத்துறதும் தொடர்பாகத்தான். பொருள் வரியை மட்டும் படிச்சிட்டு ஒருத்தர் ஃபைல்ல போட்டுட்டாலும், நிறுத்தியாச்சுன்னு அவருக்குத் தெரியணும். எதை நிறுத்துறோம், எந்த நாளோட நிறுத்துறோம். ரெண்டும் அந்த வரியிலேயே இருக்கணும்.”

“அப்ப பார்வை எதுக்கு?”

“எந்த ஒப்பந்தம்னு அடிச்சுச் சொல்ல. எண், கையெழுத்தான தேதி, எந்தப் பிரிவு நமக்கு நிறுத்துற உரிமை குடுக்குது, அது மூணும். ‘நமது ஒப்பந்தம்’னா ஊர்ல ஆயிரம் இருக்கு.”

தேதிக்கு அவர் வைத்திருந்த வழக்கம் தனி. கடிதம் அலுவலகத்தைவிட்டு எந்த நாளில் வெளியேறுகிறதோ அந்த நாளைத்தான் மேலே போடுவார். அதற்காக அந்த இடத்தைக் காலியாக விட்டு, என் மேசைக்கு வந்த பிறகு டைப்பில் ஏற்றி நிரப்புவார். முடிவு நாளை ‘முப்பது நாளில்’ என்றோ ‘மாத இறுதியில்’ என்றோ எழுதமாட்டார். நாள், மாதம், வருஷம், அந்த நாளும் சேர்த்தா சேர்க்காமலா என்பதுவரை எழுதுவார். முன்னறிவிப்புக் கெடு கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடுமா, எழுதிய நாளிலிருந்தா என்று ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாலைந்து நாள் கூடவே விட்டுக் கணக்கிடுவார்.

இந்தக் கிறுக்கு அவருக்கு எப்படி வந்தது என்பது எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய அப்பா ஒரு நூல் ஆலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேலே ‘பொருள்: பணி வருகை குறித்து’ என்று இருந்ததாம். வருகைப் பதிவில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அந்த மனிதர் தினமும் சோற்று டப்பாவோடு ஆலை வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார். உள்ளே விடவில்லை. பதினோராவது நாள் காவலாளி பொறுக்கமுடியாமல், “உங்களைத்தான் நிறுத்திட்டாங்களே, இன்னும் எதுக்கு வர்றீங்க?” என்று கேட்டானாம். நாலு பேர் பார்க்கும்படி அந்தப் பதினோரு நாள் நின்றதைத்தான் அப்பாவால் தாங்கமுடியவில்லை என்று அக்கா சொன்னார். வேலை போனதைக்கூட அவர் அப்படி நினைத்து அழவில்லையாம்.

இப்போது லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் தப்ப முடியாது.

எங்கள் கட்டிடம் நாலு மாடி. முன்பக்கத்தில் பார்வையாளர்களுக்கு ஒரு லிஃப்ட். பின்பக்கத்தில் நோயாளிகளைப் படுக்கையோடு கொண்டுபோக ஒரு பழைய ஸ்ட்ரெச்சர் லிஃப்ட். அதில் தானாகத் திறக்கும் கதவெல்லாம் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் பக்கவாட்டில் கையால் தள்ளித் திறக்கும் இரும்புக் கதவு. லிஃப்ட் அந்த மாடியில் வந்து நின்றால்தான் பூட்டு விடும், இல்லையென்றால் யார் இழுத்தாலும் கதவு நகராது. இரண்டு லிஃப்டையும் ஒரே கம்பெனிதான் பராமரித்தது, ஆனால் இரண்டு தனித்தனி ஒப்பந்தம். முன்பக்கத்துக்கு எண் பதினேழு, ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்கு எண் பதினெட்டு. மாசத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வந்து கதவுப் பூட்டுகளையும் கயிறுகளையும் பார்த்துவிட்டு, இயந்திர அறையில் தொங்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுப் போவார்.

அந்த வருஷம் மே மாசம், முன்பக்க லிஃப்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக வேறொரு கம்பெனியிடம் வாங்குவது என்று முதலாளி டாக்டர் முடிவு செய்தார். அதனால் பதினேழை மட்டும் நிறுத்த வேண்டும், பதினெட்டு தொடரும். கடிதம் எழுதச் சொல்லி நிர்வாக அதிகாரி அக்காவிடம் சொன்னார். மே இருபதாம் தேதி அக்கா வரைவைக் கொடுத்தார். அதன் தலை எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

‘பொருள்: பார்வையாளர் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்த எண் 17ஐ முடித்துக்கொள்ளும் அறிவிப்பு – கடைசிச் சேவை நாள் ஜூன் 30 – ஸ்ட்ரெச்சர் லிஃப்ட் ஒப்பந்த எண் 18 மாற்றமின்றித் தொடரும்.’ அதன் கீழே பார்வையில் ஒப்பந்தத்தின் எண்ணும் கையெழுத்தான நாளும், முப்பது நாள் முன்னறிவிப்பைச் சொல்லும் ஒன்பதாம் பிரிவும்.

நிர்வாக அதிகாரி கெட்டவர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேண்டுமென்றே கேடு செய்கிறவரும் இல்லை. எதையும் பூசி மெழுகிப் பேசியே நாற்காலியில் இருபது வருஷம் ஓட்டியவர். சிவப்பு மைப் பேனா ஒன்று சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். வரைவு அவர் மேசையில் பத்து நாளுக்கு மேல் கிடந்தது. பிறகு சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. பொருள் வரி முழுவதையும் அடித்துவிட்டு ‘லிஃப்ட் பராமரிப்பு சேவை தொடர்பாக’ என்று எழுதியிருந்தார். பார்வையை அடித்துவிட்டு ‘நமக்கிடையேயான ஒப்பந்தம்’. ‘ஜூன் 30’ போய் ‘இம்மாத இறுதியுடன்’ வந்திருந்தது. தேதி இடத்தில் ‘மே 20’ என்று அவரே எழுதியிருந்தார்.

அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாம் என் காதில் விழுந்தது.

“சார், இதுல எந்த லிஃப்டுன்னே இல்லையே.”

“உள்ளே ரெண்டாவது பத்தியில ‘புதிய லிஃப்ட் நிறுவ இருப்பதால்’னு இருக்குல்ல. அவங்களுக்குப் புரியும்மா. முகத்துல அடிச்ச மாதிரி எழுதி அவங்க கோவிச்சுக்கிட்டா, பின்னாடி லிஃப்டை யார் ஒழுங்கா பார்ப்பா?”

“கடிதம் போகப்போறது ஜூன்ல சார். மே இருபதுன்னு போட்டு இம்மாத இறுதின்னு சொன்னா, எந்த மாசம்?”

“இருபதாம் தேதியே அனுப்பியாச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். மாத்தாதீங்க.”

“சார், இதை ரெண்டு விதமாவும் படிக்கலாம்.”

“அம்மா, நீங்க டைப் அடிங்க. அர்த்தம் நான் பாத்துக்கறேன்.”

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கையை எடுத்து விசைகளின் மேல் வைக்கவே இல்லை. அந்த மாசம்தான் தம்பி மனைவி, மாடியறையை வாடகைக்கு விடலாமா என்று ஜாடையாகக் கேட்டிருந்தாள். வேலையும் போனால் எங்கே போவது என்ற பயம் அவருக்கு இருந்தது. பிற்பாடு அவரே சொன்னதுதான். அடித்துக் கொடுத்தார். வழக்கப்படி கீழே மூலையில் அவர் முதலெழுத்துகள். திருத்தம் செய்த வரைவையும் வழக்கப்படி ஃபைலில் நகலுக்குக் கீழே கோத்து, பக்க எண் போட்டார். பக்கம் பதினான்கு.

ஜூன் இரண்டாம் தேதி அந்தக் கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன். ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது லிஃப்ட் கம்பெனி. கூடத்தில் இருந்த பெண் நகலில் முத்திரை குத்தி, தேதி எழுதித் தந்தாள். வழியில் வெயில். திரும்பும்போது ஒரு டீ குடித்தேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த நாளில் வேறெதுவும் எனக்கு உறைக்கவில்லை என்பதற்காக.

அந்தக் கம்பெனியில் கடிதம் எப்படிப் படிக்கப்பட்டது என்பது விசாரணையில் தெரிந்தது. லிஃப்ட் பராமரிப்பு சேவை, சரி. நமக்கிடையேயான ஒப்பந்தம், அவர்களிடம் இருந்தது இரண்டு, ஆகவே இரண்டும். மே இருபது தேதியிட்ட கடிதத்தில் இம்மாத இறுதி என்றால் மே முப்பத்தொன்று, அதாவது முடிந்து இரண்டு நாளாகிவிட்டது. எங்கள் மருத்துவமனையை மாதாந்திரப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். முப்பது நாள் கெடு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஜூனில் மெக்கானிக் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் ஒருநாள் நிர்வாக அதிகாரியிடம், “லிஃப்டுக்காரங்க வரவே இல்லையே சார்” என்று கேட்டிருக்கிறார். அவர் முன்பக்க லிஃப்டை மனதில் வைத்துக்கொண்டு, “அதான் நிறுத்தியாச்சேப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களில் ஒருவரை நாங்கள் பேச்சண்ணன் என்று கூப்பிடுவோம். மற்றவர்கள் படுக்கையின் தலைமாட்டில் நின்று தள்ளிக்கொண்டு போவார்கள். இவர் மட்டும் கால்மாட்டில் நின்று, நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி, பின்னால் பின்னால் நடந்து இழுத்துப்போவார். “மேல கூரையையே பாத்துக்கிட்டுப் போனா பயமா இருக்கும்டா. ஒரு மனுஷ மூஞ்சி தெரியணும்” என்பார். வாய் ஓயாது. பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், வீட்டில் பூனை உண்டா என்று கேட்டுக்கொண்டே அறுவைசிகிச்சை வாசல்வரை கொண்டுபோய்விடுவார். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். அவர் மனைவி கீழே சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை. நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

ஜூலை பத்தொன்பது. மூன்றாவது மாடி. அறுவை முடிந்த ஒரு அம்மாவைக் கீழே வார்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அண்ணன் வழக்கம்போலப் பின்னால் நடந்து லிஃப்ட் வாசலுக்கு வந்து, திரும்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் தள்ளினார். கதவு திறந்தது. லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றிருந்தது. பூட்டின் கொக்கி தேய்ந்து, பிடிக்க வேண்டியதைப் பிடிக்கவில்லை.

காலியாக இருந்த லிஃப்ட் குழிக்குள் அவர் விழும்போது ஸ்ட்ரெச்சரைக் கைவிட்டுவிட்டார். அதனால் அது வாசலில் தட்டி நின்றது. அந்த அம்மா பிற்பாடு சொன்னது ஒன்றுதான். “எங்க பூனைக்குப் பேரு என்னன்னு கேட்டாரு. சொல்லலாம்னு பாக்கறேன், ஆளைக் காணோம்.”

நான் கீழே ஓடினேன். அக்காவும் வந்தார். சலவைக்கூடத்திலிருந்து அண்ணி ஈரக் கையோடு வந்தார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. ஸ்ட்ரெச்சரைப் பின்புறமாக நடந்து இழுப்பது விதிமீறல் என்றும், ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்றும் எழுதியிருந்தது. அண்ணி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தார். அக்காவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

“தேதி பாத்துப் பாத்து எழுதுவீங்களே. இதை நீங்கதான் அடிச்சீங்களா?”

“இது நான் இல்லம்மா. சார் வெளியில குடுத்து அடிச்சிருக்கார்.”

“பத்தொம்பது வருஷம் ஒருத்தரையும் அவர் கீழ போட்டதில்ல. கவனம் இல்லாத ஆளா அவரு? எனக்குப் பணம் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த வார்த்தையை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. புள்ளைங்க கேக்குது.”

அண்ணி போனதும் அக்கா ஃபைல் அலமாரியைத் திறந்தார். லிஃப்ட் ஃபைலை எடுத்துப் புரட்டினார். பதின்மூன்று இருந்தது. அதற்கடுத்து, பதினைந்தாம் பக்கத்தின் எண்ணைத் திருத்திப் பதினான்கு என்று போட்டிருந்தது. சிவப்பு மைத் தாளைக் காணவில்லை.

“தம்பி, வரைவை எடுத்துட்டாங்க” என்றார்.

அவர் நேராக அதிகாரியிடமே போய்க் கேட்டார். அப்படி ஒரு வரைவே கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். கடிதம் போன வடிவத்திலேயே அக்காதான் எழுதினார், மும்முரத்தில் தான் கையெழுத்து மட்டும் போட்டதாகச் சொன்னார். மூலையில் இருக்கும் அக்காவின் முதலெழுத்துகளே அதற்குச் சாட்சி என்றார். அரசாங்கப் பாதுகாப்பு ஆய்வாளர் விசாரணைக்கு வருவதாகத் தகவல் வந்திருந்தது. லிஃப்ட் கம்பெனி கடிதத்தைக் காட்டிக் கை கழுவியது. மருத்துவமனைக்கு இரண்டு வழிதான் மிச்சம். கவனக்குறைவு என்று செத்தவர் தலையில் கட்டுவது, அது போதாதென்றால் டைப் அடித்தவர் தலையில் கட்டுவது. இரண்டையும் சேர்த்தே கட்டத் தீர்மானித்தார்கள். மனிதர்கள் எவ்வளவு சுலபமாக இதைச் செய்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள் பகல், நிர்வாக அதிகாரி அக்காவைக் கூப்பிட்டார். நான் முத்திரைப் பேட் கேட்கிற சாக்கில் வாசலருகே நின்றேன்.

“சொந்தக் காரணத்துக்காக விலகுறேன்னு ஒரு கடிதம் குடுத்துடுங்கம்மா. உங்களுக்கும் கௌரவம்.”

“நான் விலகல சார். நீங்க நீக்கறீங்க. நீக்கறதா இருந்தா நீக்குங்க.”

“சரி, அப்ப அதை நீங்களே அடிச்சுக் கொண்டுவாங்க. நம்மகிட்ட வேற டைப் ஆள் இல்லை. ‘பணி தொடர்பாக’ன்னு போட்டு நாலு வரி போதும்.”

“தொடர்பாகன்னு போட மாட்டேன் சார். அப்படிப் போட்டா வாங்கிக்க மாட்டேன். எங்கப்பா பதினோரு நாள் வாசல்ல நின்னது போதும்.”

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அன்றைக்கே முடிய வேண்டும். “என்னமோ போட்டுக் கொண்டுவாங்க” என்றார்.

அக்கா தன் மேசையில் உட்கார்ந்து, தன்னுடைய பணிநீக்கக் கடிதத்தைத் தானே அடித்தார். அரைமணி நேரத்தில் முடித்து, எண் போடுவதற்காக என் மேசையில் வைத்தார்.

‘பொருள்: கடிதப் பிரிவு எழுத்தர் பணியிலிருந்து நீக்கும் ஆணை – இன்று ஆகஸ்ட் 4 அலுவலக நேரம் முடிந்தது முதல் நடைமுறைக்கு வருகிறது.

பார்வை: 1. இவரது பணி நியமன ஆணையும் அதன் நாளும். 2. லிஃப்ட் கம்பெனிக்கு எழுதிய கடிதம், மே 20 நாளிட்டு ஜூன் 2 அன்று கொடுக்கப்பட்டது. 3. மேற்படி கடிதத்தின் முதல் வரைவு, நிர்வாக அதிகாரியின் சிவப்பு மைத் திருத்தங்களுடன், லிஃப்ட் கோப்பு பக்கம் 14.’

நான் மூன்றாவது எண்ணைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தேன். முதல் இரண்டில் எண்களும் நாட்களும் வரிசையாக அடித்திருந்தார். மூன்றாவதும் அதே சின்ன எழுத்தில், அதே வரிசையில், தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

“அக்கா, சார் இதைப் பாத்துட்டா?”

“பாக்கட்டும். பொய்யா எழுதியிருக்கேன்? எதை வச்சு நீக்கறாங்களோ அதைப் பார்வையில போடறது முறை.”

“அந்த வரைவு வெளியில வந்தா, போன கடிதத்துல உங்க முதலெழுத்து இருக்கே. நீங்க தெரிஞ்சேதான் அடிச்சீங்கன்னு ஆயிடும்.”

“தெரிஞ்சேதான் தம்பி அடிச்சேன்.”

நான் எண் போட்டேன். பதிவேட்டில் ஏற்றினேன். நான் ஒரு வார்த்தை போய் அதிகாரியின் காதில் போட்டிருந்தால் எனக்குச் சம்பள உயர்வுகூடக் கிடைத்திருக்கும். போடவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களை எண்ண ஒரு கை போதும், அதில் இது ஒன்று.

அதிகாரி பொருள் வரியைப் படித்தார். முகம் சுளித்தார். பேனாவைத் திறந்தார். அக்கா எதிரே நின்றுகொண்டு அவரையே பார்த்தார். அவரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை போலும். பார்வை வரிகளைத் தாண்டிக் கீழே குதித்து, ‘இதனால்’ என்பதை ‘வருத்தத்துடன்’ என்று மட்டும் சிவப்பு மையில் மாற்றினார். எழுதிவிட்டு, “இதை மறுபடி அடிக்க வேணாம், இப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார். நான் மூன்று பிரதியிலும் முத்திரை குத்தினேன். அக்கா ஒன்றில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, மணியும் குறித்துக் கொடுத்தார். மேசையிலிருந்த தன்னுடைய தேதிக் காலண்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அலுவலக நேரம் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவர். அக்கா வாசலிலேயே அவரைச் சந்தித்துக் கடிதத்தைக் கொடுத்திருந்தார். தபால் ஆள் என்பதால் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

“லிஃப்ட் கடிதத்துக்கு வரைவு எதுவும் இருந்ததா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“இல்லைங்க. நேரடியா அவங்களே அடிச்சதுதான்” என்றார் அதிகாரி.

ஆய்வாளர் பணிநீக்கக் கடிதத்தை மேசையில் வைத்து, மூன்றாவது பார்வை வரியின் மேல் விரலை வைத்தார். “இது உங்க கையெழுத்துதானே? இந்தச் சிவப்பு மையும் உங்களோடதுதானே?”

அதிகாரி படித்தார். பிறகு இன்னொரு முறை படித்தார்.

“இல்லைன்னு சொல்ற வரைவை நேத்து நீங்களே மேற்கோள் காட்டி ஒருத்தரை வேலையைவிட்டு எடுத்திருக்கீங்க. பக்கம் பதினாலை எடுத்துட்டு வாங்க” என்றார் ஆய்வாளர்.

சாயங்காலத்துக்குள் அந்தத் தாள் அதிகாரியின் சொந்த அலமாரியிலிருந்து வந்தது. கிழித்துப்போடத் தைரியம் வரவில்லையோ, எப்போதும்போல முடிவெடுக்காமல் மடித்து வைத்திருந்தாரோ.

அறிக்கை வர மூன்று மாசம் ஆனது. கதவுப் பூட்டு சோதிக்கப்படாததே காரணம், ஊழியர்மீது கவனக்குறைவு எதுவும் இல்லை, பூட்டு சரியாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் பார்த்து நடந்தாலும் கதவு திறந்திருக்காது என்று அதில் இருந்தது. பொறுப்பானவர்கள் என்று மூன்று பேர். நிர்வாக அதிகாரி, விளக்கம் கேட்காத லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளர், பொருள் தெளிவில்லை என்று தெரிந்தும் கடிதத்தைத் தயாரித்த எழுத்தர். மூன்றாவது அக்கா. மருத்துவமனை அவரைத் திரும்ப எடுக்கவில்லை. வேறு எந்த அலுவலகமும் எடுக்கவில்லை. இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குக் கடிதம் அடித்துக் கொடுக்கிறார். மாடியறை வாடகைக்குப் போய்விட்டது. தம்பி வீட்டுக் கூடத்தில் படுக்கிறார்.

அறிக்கையின் நகல் கிடைத்த அன்றைக்கு அண்ணி அதை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். நானும் போயிருந்தேன். அண்ணி உட்காரவில்லை. காகிதத்தை நீட்டினார்.

“எந்த இடத்துல இருக்கு, காட்டுங்க.”

அக்கா ஏழாம் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். அண்ணி எழுத்துக்கூட்டி வாசித்தார். ‘ஊழியர்மீது கவனக்குறைவு எதுவும் இல்லை.’ மறுபடி வாசித்தார். மூன்றாவது முறை சத்தமாக வாசித்தார். கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

“உங்க பேரும் இருக்கா?”

“இருக்கு. அடுத்த பக்கம்.”

“தெரிஞ்சே அடிச்சீங்களா?”

“தெரிஞ்சேதான் அடிச்சேன்.”

அண்ணி அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். “எனக்கு ஆறாது” என்றார். “செத்தாலும் ஆறாது. ஆனா அவர் மேல தப்பில்லன்னு எழுத்துல வாங்கிக் குடுத்ததும் நீங்கதான். ரெண்டையும் சேத்து நான் எங்க வைக்கறதுன்னு தெரியல.”

அண்ணி ஏழாம் பக்கத்தை மட்டும் பத்து நகல் எடுக்கச் சொன்னார். ஒன்றை எடுத்து அக்காவின் முன்னால் வைத்து, “மேல இன்னிக்குத் தேதி போட்டுக் குடுங்க, புள்ளைங்களுக்குக் காட்டணும்” என்றார். அக்கா பேனாவை எடுத்தார். அன்றைக்கு என்ன தேதி என்று அவருக்கு மறந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.